கிரிப்டோ சார்ட்டில் அலை எண்ணுவது ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி: பிட்காயின் சார்ட்டில் ஒரே உச்சியை ஒருவர் ஐந்தாம் அலை என்கிறார், இன்னொருவர் பி அலை என்கிறார், மூன்றாமவர் ஏற்றம் இன்னும் முடியவே இல்லை என்கிறார். மூவருமே எலியட் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை. இதில் யாரை நம்புவது? இல்லை, இதை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்:

மூவருமே சரியாக எண்ணியிருக்க வாய்ப்பு உண்டு. விட்டுவிட வேண்டியதில்லை, ஆனால் அதை மட்டும் வைத்து வாங்கவோ விற்கவோ முடிவெடுக்கக் கூடாது. ஏன் என்பதை விதிகளிலிருந்தே பார்க்கலாம்.

ரால்ஃப் நெல்சன் எலியட் 1930களில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் சராசரிக் குறியீடுகளைப் பார்த்து இந்த முறையை வகுத்தார். போக்கின் திசையில் ஐந்து அலைகள், பிறகு எதிர்த்திசையில் ஏ, பி, சி என்ற மூன்று திருத்த அலைகள் என்பது அதன் அடிப்படை வடிவம். ஐந்து அலைகளுக்கு மீறக்கூடாத விதிகள் மூன்றுதான். இரண்டாம் அலை, முதல் அலை தொடங்கிய புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவற்றில் மூன்றாம் அலை மிகச் சிறியதாக இருக்கக் கூடாது. நான்காம் அலை, முதல் அலையின் விலை எல்லைக்குள் நுழையக் கூடாது. மூன்றாவது விதிக்கும் டயகனல் என்ற ஆப்பு போன்ற வடிவத்தில் விலக்கு உண்டு.

இவற்றைத் தவிர நீங்கள் கேள்விப்படும் எல்லாமே வழிகாட்டிகள். இரண்டாம் அலை முதல் அலையின் 0.618 பங்கு வரை இறங்கும், மூன்றாம் அலை முதல் அலையைப்போல் 1.618 மடங்கு நீளும், இரண்டாம் அலை செங்குத்தாக இறங்கினால் நான்காவது பக்கவாட்டில் போகும் என்பதெல்லாம் ‘பெரும்பாலும் இப்படி இருக்கும்’ என்ற வகை. அப்படி நடக்காவிட்டாலும் கணக்கு ரத்தாகாது. திருத்த அலைகளிலோ ஜிக்ஜாக், ஃபிளாட், முக்கோணம், இவை இரண்டு மூன்றாகக் கோத்த கூட்டு வடிவங்கள் என்று வகைகள் பல. சார்ட்டில் வரும் எந்தக் குழப்பமான பகுதிக்கும் இவற்றில் ஏதோ ஒன்று பொருந்திவிடும். தடை மூன்று, வாசல் பல என்னும்போது ஒரே விலை ஓட்டத்துக்கு நான்கைந்து கணக்குகள் தேறுவது இயல்பு. அது எண்ணுகிறவரின் திறமைக் குறைவு அல்ல, முறையின் அமைப்பே அப்படி.

இதைக் கையால் செய்து பார்த்தால் நன்றாக உறைக்கும். நன்கு ஆவணப்பட்ட ஒரு காலகட்டம் இருக்கிறது: பிட்காயினின் 2018 டிசம்பர் தாழ்விலிருந்து 2022 நவம்பர் தாழ்வு வரை. முக்கியத் திருப்பங்களை டாலரில் தோராயமாக எழுதிக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் 3,100. 2019 ஜூனில் 13,900. 2020 மார்ச் சரிவில் 3,850. 2021 ஏப்ரலில் 64,900. அதே ஆண்டு ஜூனில் 28,800. நவம்பரில் 69,000. ஓராண்டு கழித்து, 2022 நவம்பரில் 15,500. எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் சற்று மாறும், ஆனால் கணக்குக்கு இது போதும்.

இப்போது 2022 மார்ச்சில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். விலை 40,000 டாலரை ஒட்டி இருக்கிறது, 15,500 இன்னும் வரவில்லை.

முதல் கணக்கு இது. 3,100இலிருந்து 13,900 முதல் அலை, 3,850 வரை இரண்டாவது, 64,900 வரை மூன்றாவது, 28,800 வரை நான்காவது, 69,000 வரை ஐந்தாவது. விதிகளைச் சோதியுங்கள். இரண்டாம் அலை முதல் அலையின் 93 விழுக்காட்டைத் திருப்பித் தின்றுவிட்டது, ஆனால் 3,100க்குக் கீழே போகவில்லை. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் நீளம். நான்காவது 28,800இல் நின்றது, முதல் அலையின் உச்சியான 13,900 வெகு தூரத்தில் இருக்கிறது. மூன்று விதிகளும் தேறிவிட்டன. இந்தக் கணக்கின்படி ஏற்றம் முடிந்தது, இனிப் பெரிய இறக்கம்.

இரண்டாம் கணக்கில் உண்மையான உச்சி ஏப்ரலின் 64,900. அதன் பிறகு நடப்பது விரிந்த ஃபிளாட் என்ற திருத்தம். 28,800 வரை ஏ அலை, 69,000 வரை பி அலை, இப்போது சி அலை. பி அலை ஏ அலையின் நீளத்தைப்போல் 111 விழுக்காடு. விரிந்த ஃபிளாட்டில் பி அலை 105 முதல் 138 விழுக்காடு வரை இருக்கும் என்பது வழக்கமான வழிகாட்டி, ஆகவே கச்சிதமாகப் பொருந்துகிறது. இதன்படி சி அலை 28,800ஐ உடைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

மூன்றாம் கணக்கில் 28,800 நான்காம் அலையின் முடிவுதான். ஆனால் 69,000 ஐந்தாம் அலையின் முடிவு அல்ல, அதன் முதல் உட்பிரிவு மட்டுமே. இப்போது நடக்கும் இறக்கம் இரண்டாம் உட்பிரிவு. அது 28,800க்கு மேலேயே நின்று, பிறகு விலை லட்சம் டாலரை நோக்கிப் பாயும்.

மூன்றுமே விதிகளுக்குள் இருக்கின்றன. ஒன்று முடிந்தது என்கிறது, ஒன்று பாதி வழி என்கிறது, ஒன்று தொடக்கம் என்கிறது.

‘சரி, உட்பிரிவுகளை எண்ணினால் தெளிவாகிவிடுமே’ என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நியாயமான வாதம். ஐந்தாம் அலையாக இருந்தால் உள்ளே ஐந்து துண்டுகள் இருக்க வேண்டும், ஃபிளாட்டின் பி அலையாக இருந்தால் மூன்று. அதையும் பார்ப்போம். 2021 ஜூலை 20 அன்று விலை 29,300ஐத் தொட்டது. அங்கிருந்து செப்டம்பர் தொடக்கத்தில் 52,900. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் 39,600. அக்டோபர் 20 அன்று 67,000. அக்டோபர் கடைசியில் 58,100. நவம்பர் 10 அன்று 69,000.

இதை ஐந்தாக எண்ணலாம்: மூன்றாம் துண்டு 27,400 டாலர், முதலாவது 23,600, ஐந்தாவது 10,900. நான்காம் துண்டின் தாழ்வு 58,100, முதல் துண்டின் உச்சியான 52,900க்கு மேல். எல்லாம் சரி. மூன்றாகவும் எண்ணலாம்: 52,900 வரை ஒன்று, 39,600 வரை இரண்டு, 69,000 வரை மூன்று, இடையில் வந்த 58,100 வெறும் சிறு தளர்வு.

எது சரி என்பதைத் தீர்மானிப்பது அந்த 67,000 முதல் 58,100 வரையிலான இறக்கத்தைத் திருப்பமாக எடுக்கிறீர்களா என்பதுதான். அது 13 விழுக்காடு இறக்கம். 20 விழுக்காட்டுக்குக் குறைந்த எதையும் திருப்பமாக எடுக்க மாட்டேன் என்று வைத்தால் அது மறைந்துவிடும், மூன்று துண்டுகள் மிஞ்சும். 10 விழுக்காடு என்று வைத்தால் அது வந்துவிடும், கூடவே வேறு சில சிறு திருப்பங்களும் வரும், ஐந்தாக எண்ண இடம் கிடைக்கும். 10ஆ 20ஆ என்று எலியட் முறை சொல்வதில்லை. எண்ணுகிறவர் கண் சொல்கிறது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாரா, விற்றுவிட்டுக் காத்திருக்கிறாரா என்பதும் இருக்கிறது.

அடுத்ததாக ஸ்கேல். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கிரிப்டோவில் ஒரே போக்கில் விலை 10 மடங்கு, 15 மடங்கு ஏறுவதால் சாதாரண ஸ்கேலும், சம மடங்குகளைச் சம உயரமாகக் காட்டும் லாக் ஸ்கேலும் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போகும். 3,850இலிருந்து 64,900 வரையிலான ஏற்றத்துக்கு 0.618 திருத்த மட்டம் எங்கே வருகிறது? சாதாரண ஸ்கேலில் சுமார் 27,200. லாக் ஸ்கேலில் சுமார் 11,300. இரண்டுக்கும் நடுவில் 15,900 டாலர் இடைவெளி. லாக் கணக்குக்கு இந்தச் சூத்திரம், இதில் `H` உச்சி, `L` தாழ்வு:

```
=EXP(LN(H)-0.618*(LN(H)-LN(L)))
```

28,800இல் விலை நின்றபோது ‘0.618இல் மிகச் சரியாகத் தாங்கியது’ என்று ஒருவர் சொல்ல முடியும். லாக் ஸ்கேலில் பார்ப்பவருக்கு அது 29 விழுக்காட்டுத் திருத்தம் மட்டுமே, எந்தப் பெயர்பெற்ற மட்டத்திலும் இல்லை.

வழிகாட்டிகளோடு நிற்காமல், கட்டாய விதிகளில் ஒன்றும் ஸ்கேலைப் பொறுத்து மாறிவிடும். ஒரு டோக்கன் 100இலிருந்து 300க்கு ஏறுகிறது, 150க்கு இறங்குகிறது, 400க்கு ஏறுகிறது, 310க்கு இறங்குகிறது, பிறகு 1,000த்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளில் பார்த்தால் ஏற்ற அலைகள் 200, 250, 690. மூன்றாம் அலை சிறியதல்ல, கணக்கு செல்லும். மடங்குகளில் பார்த்தால் முதல் அலை 3 மடங்கு, மூன்றாவது சுமார் 2.7 மடங்கு, ஐந்தாவது சுமார் 3.2 மடங்கு. இப்போது மூன்றாவதுதான் மிகச் சிறியது, கணக்கு ரத்து. திரையின் ஓரத்திலுள்ள `log` பொத்தானை அழுத்தியதால் ஒரு விதி தேறுவதும் தவறுவதும் மாறுகிறது. நீண்ட காலச் சார்ட்டில் நான் லாக் ஸ்கேலைத்தான் சரி என்று கொள்வேன், ஏனென்றால் போட்ட பணம் எத்தனை மடங்கானது என்பதே பொருளுள்ள அளவு. ஆனால் அதுவும் ஒரு தேர்வுதான்.

தரவு எங்கிருந்து வருகிறது என்பது இன்னொரு சிக்கல். பங்குச் சந்தையில் ஒரு பங்குக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு எக்ஸ்சேஞ்சுகள், மாலையில் ஒரு முடிவு விலை. கிரிப்டோவில் இரவு பகல் நிற்காத சந்தை, டஜன் கணக்கில் எக்ஸ்சேஞ்சுகள், ஸ்பாட் ஒரு விலை, பெர்பெச்சுவல் ஃபியூச்சர் ஒரு விலை. லீவரேஜ் எடுத்தவர்கள், அதாவது கடனில் வர்த்தகம் செய்பவர்கள், வரிசையாக லிக்விடேட் ஆகி அவர்களுடைய பொசிஷன்களை எக்ஸ்சேஞ்சே கட்டாயமாக மூடும்போது, ஒரு இடத்தில் மட்டும் கேண்டிலின் மெல்லிய கோடான விக் நீளமாக விழும். இதற்கு உச்சகட்ட உதாரணம் 2021 அக்டோபர் 21. பைனான்ஸ் யுஎஸ் எக்ஸ்சேஞ்சில் பிட்காயின் கண நேரத்தில் சுமார் 8,200 டாலர் வரை போய்த் திரும்பியது. ஒரு நிறுவன வாடிக்கையாளரின் வர்த்தக அல்காரிதத்தில் இருந்த பிழைதான் காரணம் என்று அந்த எக்ஸ்சேஞ்ச் சொன்னது. அதே நேரத்தில் மற்ற இடங்களில் விலை 60,000க்கு மேல். அந்த எக்ஸ்சேஞ்சின் சார்ட்டை மட்டும் வைத்து எண்ணினால் மேலே சொன்ன முதல் கணக்கும் மூன்றாம் கணக்கும் ரத்து, ஏனென்றால் விலை முதல் அலையின் உச்சியான 13,900க்குக் கீழே போய்விட்டது. மற்ற சார்ட்டுகளில் ஒன்றுமே நடக்கவில்லை.

அது அசாதாரணம் என்பதால் யாரும் எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் சிறு வித்தியாசம் தினமும் நடக்கக்கூடியது, விதி தேறுவதும் தவறுவதும் பெரும்பாலும் அந்த அளவில்தான் முடிவாகிறது. நான்காம் அலை ஒரு எக்ஸ்சேஞ்சில் முதல் அலையின் உச்சியைத் தொடும், அடுத்த எக்ஸ்சேஞ்சில் தொடாது. விக்கைச் சேர்ப்பதா, கேண்டிலின் முடிவு விலையை மட்டும் எடுப்பதா என்றும் ஆளுக்கொரு பழக்கம். முடிவு விலை என்றால் எந்த நேர மண்டலத்தின் முடிவு என்ற கேள்வியும் கூடவே வரும்.

சிறிய ஆல்ட்காயின்களில் நிலைமை இன்னும் மோசம். பெருங்கூட்டத்தின் மனநிலை ஏறி இறங்குவதுதான் அலைகளாகத் தெரிகிறது என்பது எலியட்டின் எண்ணம். ஆர்டர் புக் மெலிந்த ஒரு டோக்கனில் நான்கைந்து வாலட்டுகளின் கொள்முதலும் ஒரு டோக்கன் விடுவிப்புத் தேதியும் சேர்ந்து முழு சார்ட்டையும் வரைந்துவிடும். அங்கே எண்ணுவதற்குக் கூட்டமே இல்லை. அதோடு ஒரு ஆல்ட்காயினை டாலருக்கு எதிராக எண்ணுவதா, பிட்காயினுக்கு எதிராக எண்ணுவதா? இரண்டு சார்ட்டுகளும் வேறு வேறு இடங்களில் திரும்பும், வேறு வேறு கணக்குகளைத் தரும். நூறு கோடி டாலருக்குக் குறைந்த மதிப்புள்ள டோக்கன்களில் அலை எண்ணவே வேண்டாம் என்பது என் கருத்து.

இதில் ஒருவருக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் `A1` கட்டத்தில் 100 என்று எழுதி, `A2`இல் கீழ்க்கண்டதை இட்டு 500 வரிசை வரை இழுத்துவிடுங்கள்.

```
=A1*EXP(0.03*NORM.S.INV(RAND()))
```

ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 3 விழுக்காட்டளவில் மேலும் கீழும் தற்செயலாக ஆடும் ஒரு பொய் விலை கிடைக்கும். அதற்கு லைன் சார்ட் போட்டு அலை எண்ணிப் பாருங்கள். எண்ணத் தொடங்கும் முன்பே அந்த எண்களை மதிப்பாக மட்டும் வேறு பத்தியில் ஒட்டி, சார்ட்டை அதற்கே போட வேண்டும், இல்லாவிட்டால் ஷீட் ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் எண்கள் மாறும். அழகான ஐந்து அலைகளும் ஏ-பி-சி திருத்தங்களும் அதிலும் கிடைக்கும். கூட்டமும் இல்லை, மனநிலையும் இல்லை, ஆனால் வடிவம் இருக்கிறது. ஆகவே வடிவம் பொருந்துகிறது என்பது மட்டும் எதற்கும் சான்றாகாது.

இனி பயன்பாட்டுக்கு வருவோம். 2022 மார்ச்சின் மூன்று கணக்குகளுக்கே திரும்புங்கள். அவற்றில் உருப்படியானது ஒன்று இருக்கிறது: 28,800 என்ற விலை. மூன்றாம் கணக்கு உயிரோடு இருக்க விலை அதற்கு மேலே நின்றாக வேண்டும். இரண்டாம் கணக்கு அதை உடைக்க வேண்டும் என்கிறது. அதாவது ஒன்றோடொன்று முரண்படும் கணக்குகளை வைத்தும், எந்த விலையில் படம் மாறும் என்று முன்கூட்டியே எழுத முடிந்தது. மே 2022இல் விலை 28,800ஐ உடைத்தபோது மூன்றாம் கணக்கு ரத்தானது. நவம்பரில் 15,500 வரை போனது. அலை எண்ணிக்கையிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய பயன் இந்த அளவுதான், இதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்.

அடுத்து அது எங்கே நிற்கும் என்பதில் 0.618, 1.618 போன்ற ஃபிபனாச்சி விகிதங்கள் கைகொடுக்கவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டாம் கணக்கின் சி அலை, ஏ அலையைப்போல் 1.618 மடங்கு என்றால் சாதாரண ஸ்கேலில் இலக்கு சுமார் 10,600, லாக் ஸ்கேலில் சுமார் 18,500. நீளம் சமம் என்றால் சாதாரண ஸ்கேலில் 32,900. நின்றது 15,500இல். கணக்கின் திசை சரியாக இருந்தும் இலக்கு எதுவும் பொருந்தவில்லை. இதனால்தான் இலக்குகளை நான் பொருட்படுத்துவதில்லை, ரத்தாகும் விலையை மட்டுமே எடுக்கிறேன்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். வாராந்திர சார்ட், லாக் ஸ்கேல், நீண்ட வரலாறும் நல்ல வால்யூமும் உள்ள ஒரே ஒரு ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச். இம்மூன்றையும் ஒரு முறை தேர்ந்தெடுத்து எழுதி வைத்துவிட்டு, வேறு சார்ட்டுக்குத் தாவாதீர்கள். அலை எண் எதுவும் போடுவதற்கு முன்பே திருப்பங்களைக் குறியுங்கள்: பிட்காயினுக்கு 30 விழுக்காடு, அதற்குக் குறைந்த ஆட்டம் எதுவும் திருப்பம் அல்ல. பெரும்பாலான சார்ட் தளங்களில் இருக்கும் ஜிக்ஜாக் இண்டிகேட்டரில் இந்த விழுக்காட்டை இட்டால் அதுவே கோடு போட்டுவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், அந்தக் கோட்டின் கடைசித் துண்டு உறுதியானதல்ல. விலை 30 விழுக்காடு எதிர்த்திசையில் போன பிறகுதான் உச்சி உச்சியாகும், அதுவரை கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய சார்ட்டில் இந்த இண்டிகேட்டர் அற்புதமாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

30 என்பது ஏன் என்றால், கிரிப்டோவில் ஏறுமுகத்தின் நடுவிலேயே 20 விழுக்காட்டுச் சரிவுகள் அடிக்கடி வரும். அதற்குக் கீழே வைத்தால் எண்ண வேண்டிய துண்டுகள் பெருகும், துண்டுகள் பெருகினால் கணக்குகள் பெருகும். 25 வைத்தாலும் குற்றமில்லை. ஒரு கணக்கைப் பொருத்துவதற்காக நடுவில் மாற்றுவதுதான் குற்றம்.

பிறகு குறைந்தது இரண்டு கணக்குகள் எழுதுங்கள், ஒன்று ஏறுமுகம், ஒன்று இறங்குமுகம். உங்களுக்குப் பிடிக்காத கணக்கை எழுதத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது ரத்தாகும் விலை, தேதி. சில கணக்குகளுக்கு ரத்தாகும் விலையே இருக்காது. மேலே சொன்ன இரண்டாம் கணக்கைப் பாருங்கள்: விலை 69,000ஐத் தாண்டினாலும் ‘பி அலை இன்னும் முடியவில்லை’ என்று சொல்லலாம். 138 விழுக்காடான சுமார் 78,600ஐத் தாண்டினாலும் அது வழிகாட்டிதானே என்று சொல்லலாம். இப்படிப்பட்ட கணக்குக்கு நீங்களே ஒரு விலையை விதிக்க வேண்டும், உதாரணமாக ‘வார முடிவு 69,000க்கு மேல் வந்தால் இதைக் கைவிடுகிறேன்’ என்று. அப்படி விதிக்க மனம் வரவில்லை என்றால் அந்தக் கணக்கை எடுத்துப் போடுங்கள்.

எழுதிய இரண்டு கணக்குகளும் எதில் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். இரண்டும் ‘போக்கு வெகு தூரம் வந்துவிட்டது’ என்றால், புதிதாகப் போடும் தொகையைக் குறைக்க அது ஒரு காரணம். இரண்டும் எதிரெதிர் என்றால், சந்தை முடிவெடுக்காத இடத்தில் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் முதல் இரண்டு கணக்குகளும் எச்சரித்தன, மூன்றாவது மட்டும் உற்சாகப்படுத்தியது. அப்படிப்பட்ட நேரத்தில் எல்லாவற்றையும் விற்க வேண்டியதில்லை, கடன் வாங்கிப் போடாமல் இருந்தாலே போதும்.

ரத்தாகும் விலை கையில் இருந்தால் தொகையையும் கணக்கிடலாம். 2022 மார்ச்சில் ஒருவர் மூன்றாம் கணக்கை நம்பி 40,000இல் வாங்குகிறார் என்போம். 28,800 வரை தூரம் 11,200 டாலர், 28 விழுக்காடு. மொத்த முதலீட்டில் 1 விழுக்காடுதான் இழக்கத் தயார் என்றால், 1ஐ 0.28ஆல் வகுத்தால் சுமார் 3.6. அதாவது மொத்தத்தில் 3.6 விழுக்காட்டுக்கு மட்டுமே வாங்கலாம். பலருக்கு இந்த எண் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வாராந்திர அலையின் அகலம் அவ்வளவு.

லீவரேஜ் எடுப்பவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். 5 மடங்கு லீவரேஜில் விலை 20 விழுக்காடு இறங்குவதற்குச் சற்று முன்பே, அதாவது 32,000 டாலருக்குச் சற்று மேலேயே, பொசிஷன் லிக்விடேட் ஆகிவிடும். கணக்கு ரத்தாகும் விலை 28,800. இடைப்பட்ட இடத்தில் விலை போய்த் திரும்பினால், கணக்கு சரியாகவே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும். அதனால் பெரிய அலையை வைத்துச் சிறிய மார்ஜினில் வர்த்தகம் செய்யவே கூடாது. 15 நிமிட சார்ட்டுக்குப் போய்ச் சின்ன அலைகளை எண்ணி ஸ்டாப்பைக் கிட்டே வைக்கலாம் என்று தோன்றும். அங்கே விக்குகளும் எக்ஸ்சேஞ்ச் வித்தியாசங்களும் அலையின் அளவுக்கே இருக்கும். அந்த ஸ்டாப் தற்செயலாகவே அடிபடும்.

கணக்கை மாற்றும்போது பழைய எண்களை அழிக்காதீர்கள். சார்ட்டைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துவிட்டு, புதியதை வேறு நிறத்தில் போடுங்கள். ரத்தாகும் விலை உடைந்து மாற்றினீர்களா, உடையாமலே மாற்றினீர்களா என்று ஒரு சொல் எழுதினால் போதும். உடையாமலே மாற்றியவை அதிகமாக இருந்தால், விலையைப் பார்த்து எண்களை நகர்த்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். இணையத்தில் ஒருவரின் கணக்கைப் பின்பற்றுவதற்கு முன்பும் இதையே தேடிப் பாருங்கள்: ஆறு மாதத்துக்கு முன் அவர் போட்ட சார்ட் இன்னும் இருக்கிறதா, அதில் ரத்தாகும் விலை எழுதியிருந்ததா, அது உடைந்த அன்று அவர் என்ன எழுதினார்.